ஒரு சைபர் கூடிப்போச்சு: அதிகமா பிடிச்ச வரியும் நான் எழுதின கடிதமும்

1.
இன்னைக்கு மருத்துவப் பதிவு இல்லைங்க. போன வருஷம் நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தி எழுதறேன். சம்பளம் வாங்கற யாருக்கும் இது நடக்கலாம். அதைச் சரி பண்ண நான் எழுதின கடிதத்தையும் கீழே அப்படியே கொடுத்திருக்கேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2.
அம்மா மயிலாப்பூர்ல எங்க கூடத்தான் இருக்காங்க. ரெண்டு வருஷமா காது மந்தம். வாசல்ல காய்க்காரர் கூப்பிடறது கேக்காது, குக்கர் விசில் கேக்காது. காது டாக்டர் நண்பரே பரிசோதிச்சுப் பார்த்து ரெண்டு காதுக்கும் மெஷின் வைக்கச் சொல்லிட்டார். கடையில மாசம் 8,500 ரூபாய் தவணை சொன்னாங்க.

2025 ஏப்ரல்லயே வாங்கிடலாம்னு இருந்தேன். அந்த மாசம் சம்பளம் வந்தது, பணம் பத்தலை. "அடுத்த மாசம் வாங்கிடலாம்மா"ன்னேன். மே மாசமும் அதையே சொன்னேன். ஆகஸ்ட் வரைக்கும் அஞ்சு தடவை சொல்லிட்டேன். அம்மா ஒரு தடவைகூட கேக்கலை. அதுதான் ரொம்ப உறுத்தினது.

3.
நான் வேலை பார்க்கறது அடையாறு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில். ஆண்டுச் சம்பளம் 15 லட்சம். ஆகஸ்ட் கடைசியில கேன்டீன்ல கூடப் படிச்ச நண்பனோட பேசிட்டிருந்தேன். அவனுக்கும் அதே சம்பளம்தான்.

"மாசம் பதினேழாயிரத்து சொச்சம் வரி பிடிச்சா எப்படிடா குடும்பம் நடத்தறது?"ன்னு புலம்பினேன்.

"பதினேழாயிரமா? எனக்கு 8,125 தானேடா பிடிக்கறாங்க"ன்னான்.

அன்னைக்குத்தான் முதல் தடவையா என் சம்பளச் சீட்டைத் திறந்து முழுசா படிச்சேன். அதுவரைக்கும் பேங்க்ல வந்து விழற தொகையை மட்டும் பார்த்துட்டு மூடி வெச்சிடுவேன். நோயாளி ரிப்போர்ட்டைப் படிக்காம கடைசி வரியை மட்டும் பார்த்தா நாமே திட்டுவோம். என் சீட்டை நானே அப்படித்தான் பார்த்திருக்கேன்.

4.
ஏப்ரல்ல மருத்துவமனையோட சம்பள போர்ட்டல்ல ஒரு அறிவிப்புப் படிவம் நிரப்பச் சொன்னாங்க. அதுல "பிற வருமானம்"னு ஒரு கட்டம். மயிலாப்பூர்ல ஒரு பேங்க், தி.நகர்ல ஒரு பேங்க், ரெண்டுலயும் வைப்புத்தொகை போட்டிருக்கேன். ஒவ்வொண்ணுலயும் ஆண்டு வட்டி சுமார் 30,000. மொத்தம் 60,000.

நைட் ட்யூட்டி முடிச்சிட்டு காலையில ஏழு மணிக்கு ஃபோன்லயே நிரப்பினேன். 60,000க்கு பதிலா 600000ன்னு அடிச்சிருக்கேன். அந்தக் கட்டத்துல கமா விழாது. சைபர் கூடினது கண்ணுக்குத் தெரியலை.

5.
இதுல வேடிக்கை என்னன்னா, இந்தத் தப்பைத்தான் நான் ஜூனியர்களுக்குப் பாடம் எடுக்கறேன். இன்சுலின் எழுதும்போது யூனிட்டுங்கற வார்த்தையை முழுசா எழுதணும். வெறும் ஆங்கில 'யு' எழுத்தைப் போட்டா அவசரக் கையெழுத்துல அது சைபராத் தெரியும். 10 யூனிட் போட வேண்டிய இடத்துல 100 யூனிட் போயிடும். அஞ்சு மில்லிகிராம்னா 5ன்னு மட்டும் எழுதணும், 5.0ன்னு எழுதக்கூடாது. புள்ளி தெரியலைன்னா அது 50 ஆயிடும்.

பத்து மடங்குத் தப்புக்கு ஒரு குணம் உண்டு. எண் பார்க்க இயல்பாவே இருக்கும். ஒரு டாக்டருக்கு ஆறு லட்சம் வட்டி வருதுன்னா கணக்குப் பிரிவுல யாரும் புருவம் உயர்த்த மாட்டாங்க.

6.
அந்த ஒரு சைபர் என்ன பண்ணிச்சுன்னு பார்ப்போம். இது 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறைக் கணக்கு.

சரியான கணக்கு: சம்பளம் 15,00,000. நிலையான கழிவு 75,000 போனா 14,25,000. வட்டி 60,000 சேர்த்தா 14,85,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5% போட்டா 20,000. அதுக்கு அடுத்த 4 லட்சத்துக்கு 10% போட்டா 40,000. மீதி 2,85,000க்கு 15% போட்டா 42,750. கூட்டினா 1,02,750. அதுக்கு மேல 4% செஸ் 4,110. ஆக மொத்தம் 1,06,860. மாசத்துக்கு 8,905.

தப்பான கணக்கு: 14,25,000 கூட 6,00,000 சேர்த்தா 20,25,000. வரி அடுக்குல நான் 25% படி வரைக்கும் ஏறிட்டேன். செஸ்ஸோட சேர்த்து வரி 2,14,500. மாசத்துக்கு 17,875.

வித்தியாசம் மாசம் 8,970 ரூபாய். அம்மாவோட மெஷின் தவணை 8,500. இந்தக் கணக்கை ஒரு பேப்பர்ல போட்டு முடிச்சப்போ கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே தோணலை.

7.
அடுத்த நாள் கணக்குப் பிரிவுக்கு ஃபோன் பண்ணினேன். "மேடம், அஞ்சு மாசமா அதிகமா பிடிச்சிருக்கீங்க. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?"ன்னு கேட்டேன்.

"அது கவர்ன்மென்ட்டுக்குப் போயிடுச்சு டாக்டர். ஜூலைல ரிட்டர்ன் போடும்போது ரீஃபண்ட் வாங்கிக்கோங்க"ன்னாங்க.

அவங்க சொன்னது பொய் இல்லை. சம்பளத்துல பிடிச்ச வரியை அடுத்த மாசம் 7ஆம் தேதிக்குள்ள நிறுவனம் அரசுக்குக் கட்டிடணும். மார்ச் மாசத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரைக்கும் நேரம். அதனால என் பணம் மருத்துவமனையோட பெட்டியில இல்லை. ஆனா அவங்க சொன்னது பாதி உண்மைதான். மீதிப் பாதியை எனக்குச் சொன்னது தி.நகர்ல இருக்கற ஆடிட்டர், அப்பாவோட பழைய நண்பர்.

8.
பனகல் பார்க் பக்கம் ஒரு சந்துல, மாடியில அவரோட ஆபீஸ். நான் எல்லாத்தையும் சொல்லி முடிச்சதும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"என்ன கேட்டே அவங்ககிட்ட?"

"திருப்பித் தரச் சொன்னேன் அங்கிள்."

"அங்கதான் தப்பு. பிடிச்சதைத் திருப்பிக் கேக்காதே. இனிமே பிடிக்கப் போறதைக் குறைக்கச் சொல்லு."

இந்தப் பதிவுல நீங்க ஒரே ஒரு வரிதான் ஞாபகம் வெச்சுப்பீங்கன்னா, அது இந்த வரியா இருக்கட்டும்.

9.
இது ஏன்னு சொல்றேன். சம்பளத்துல பிடிக்கற வரி, அந்தந்த மாசத்துக்கான தனித்தனி வரி இல்லை. வருஷம் முழுக்க உங்களுக்கு எவ்வளவு வருமானம் வரும்னு நிறுவனம் ஒரு மதிப்பீடு போடும். அதுக்கான வரியை மாசங்களுக்குப் பிரிச்சுப் பிடிக்கும். மதிப்பீடு மாறினா பிடிக்கற தொகையும் மாறலாம்.

1961ஆம் வருஷ வருமான வரிச் சட்டத்துல 192(3) பிரிவு இதைத்தான் சொல்லுது. அதே நிதியாண்டுல முன்னாடி கூடுதலாவோ குறைவாவோ பிடிச்சிருந்தா, பின்னாடி பிடிக்கும்போது ஏத்தி இறக்கிச் சரி பண்ணிக்கலாம். இதுக்கு வருமான வரி அலுவலகத்துல யாரோட அனுமதியும் தேவையில்லை.

ஒண்ணு கவனிங்க. சட்டம் "செய்யலாம்"னுதான் சொல்லுது, "செய்தே ஆகணும்"னு சொல்லலை. அதனால அதிகாரத் தொனியில எழுதின கடிதம் இங்க எடுபடாது. அவங்க வேலையைச் சுலபமாக்கற கடிதம்தான் எடுபடும்.

10.
இன்னொரு விஷயம், தேதி. ஆகஸ்ட் முடிய என்கிட்ட பிடிச்சது 17,875 வீதம் அஞ்சு மாசம், 89,375 ரூபாய். வருஷத்துக்கு நான் கட்ட வேண்டியது 1,06,860. இன்னும் 17,485 பாக்கி. அதை மீதி ஏழு மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 2,498 பிடிச்சாப் போதும். மார்ச்ல கணக்கு நேராயிடும், ரீஃபண்டே தேவைப்படாது.

செப்டம்பர்லயும் பழைய தொகையே பிடிச்சிருந்தா மொத்தம் 1,07,250 ஆகியிருக்கும். அதாவது முழு வருஷ வரியையும் தாண்டி 390 ரூபாய் கூடுதல். அதுக்கப்புறம் நிறுவனம் பிடிக்கறதை நிறுத்தலாம், அவ்வளவுதான். தாண்டிப் போன பணம் ரிட்டர்ன்லதான் வரும்.

இதையே நான் ஜனவரிச் சம்பளம் வந்தப்புறம் பார்த்திருந்தா 1,78,750 போயிருக்கும். 71,890 ரூபாய் மாட்டியிருக்கும். எல்லா நிறுவனத்துலயும் சம்பளக் கணக்கை மூட ஒரு தேதி இருக்கும். எங்க இடத்துல அது 20. நான் செப்டம்பர் 4ஆம் தேதி கடிதம் கொடுத்தேன்.

11.
கடிதம் ஆங்கிலத்துலதான் அனுப்பினேன். தமிழ்ல இங்க தர்றேன். உங்க எண்களை மாத்திப் போட்டுக்கோங்க.

பெறுநர்: மேலாளர், சம்பளக் கணக்குப் பிரிவு
நகல்: மனிதவளப் பிரிவு

பொருள்: 2025-26 நிதியாண்டு. பிற வருமான அறிவிப்பில் நான் செய்த பிழையைத் திருத்தி, வரிப் பிடித்தத்தை மறுமதிப்பீடு செய்ய வேண்டுதல்.

ஐயா / அம்மையீர்,

ஏப்ரல் மாதம் போர்ட்டலில் நான் அளித்த அறிவிப்பில், பிற வருமானம் ரூ. 60,000 என்பதற்குப் பதிலாக ரூ. 6,00,000 என்று தவறுதலாகப் பதிவு செய்துவிட்டேன். இந்தப் பிழை என்னுடையது.

இரண்டு வங்கிகளிலிருந்து இந்த ஆண்டு எனக்குக் கிடைக்கும் வட்டி ரூ. 60,000 மட்டுமே. வேறு பிற வருமானம் இல்லை. வங்கிகளின் வைப்புத்தொகை விவரங்களை இணைத்துள்ளேன்.

திருத்திய மதிப்பீட்டின்படி ஆண்டு வரி ரூ. 1,06,860 ஆகிறது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ரூ. 89,375 பிடிக்கப்பட்டுள்ளது. மீதம் ரூ. 17,485. கணக்கீட்டுத் தாள் இணைப்பில் உள்ளது.

ஏற்கெனவே பிடித்த தொகையைத் திருப்பித் தருமாறு நான் கேட்கவில்லை. பிரிவு 192(3)இன்படி, மீதத் தொகையை மட்டும் செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதங்களுக்குப் பிரித்துப் பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தாக்கல் செய்துவிட்ட காலாண்டு அறிக்கையைத் திருத்தத் தேவையிருக்காது.

போர்ட்டலில் அறிவிப்பு பூட்டப்பட்டிருப்பதால், திருத்தம் செய்ய அதைத் திறந்துவிடுமாறும், இந்தக் கடிதம் கிடைத்ததற்கு ஒப்புதல் தருமாறும் வேண்டுகிறேன்.

இணைப்பு: திருத்திய அறிவிப்பு, வங்கி விவரங்கள், ஐந்து மாதச் சம்பளச் சீட்டுகள், கணக்கீட்டுத் தாள்.

கீழே பெயர், பணியாளர் எண், பான் எண், கையெழுத்து, தேதி.

12.
இந்தக் கடிதத்துல மூணு இடத்தை ஆடிட்டர் அங்கிள்தான் சொல்லிச் சேர்த்தார்.

முதல்ல, "இந்தப் பிழை என்னுடையது". நான் எழுதின வரைவுல "தவறாகப் பிடிக்கப்பட்டுள்ளது"ன்னு இருந்தது. அவர் அதை அடிச்சிட்டார். "அவங்க எங்கப்பா தப்பாப் பிடிச்சாங்க? நீ கொடுத்த எண்ணுக்குச் சரியாத்தான் பிடிச்சிருக்காங்க. அவங்க மேல தப்புன்னு எழுதினா, முதல்ல தங்களைக் காப்பாத்திக்கத்தான் பார்ப்பாங்க"ன்னார். மருத்துவமனையில நடக்கற தப்பை ரிப்போர்ட் பண்றவங்களுக்கு இது நல்லாவே புரியும்.

ரெண்டாவது, "திருப்பித் தருமாறு நான் கேட்கவில்லை". இதைப் படிச்சதும் கணக்குப் பிரிவுக்குப் பாதி பயம் போயிடும். தங்க கையில இல்லாத பணத்தை யாரும் கேக்கலைன்னு தெரிஞ்சிடும்.

13.
மூணாவது, காலாண்டு அறிக்கை பத்தின வரி. ஃபோன்ல அந்த மேடம் தயங்கினதுக்கு நிஜக் காரணம் இதுதான்னு அப்புறம்தான் புரிஞ்சது.

நிறுவனம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை யார்கிட்ட எவ்வளவு வரி பிடிச்சோம்னு 24க்யூங்கற அறிக்கையைத் தாக்கல் பண்ணும். ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குமான அறிக்கை ஜூலை 31க்குள்ள போயிருக்கும். என் கடிதத்தால அதைத் திருத்த வேண்டி வருமோன்னு அவங்களுக்குக் கவலை.

தேவையே இல்லை. அந்த மூணு மாசத்துல நிஜமாவே 17,875 வீதம் பிடிச்சாங்க, அதையே கட்டினாங்க, அதையே எழுதினாங்க. அறிக்கை சரிதான். ஒருத்தரோட வருஷச் சம்பளம், கழிவு, வரிக் கணக்கு முழுசும் வர்ற பகுதி கடைசிக் காலாண்டு அறிக்கையிலதான் சேரும். அதுக்குள்ள 6,00,000ஐ 60,000 ஆக்கிட்டா போதும்.

14.
கடிதம் கொடுத்து நாலு நாள் பதில் இல்லை. அஞ்சாவது நாள் நேர்ல போய் நின்னேன். மேடம் கணக்கீட்டுத் தாளை எடுத்து அவங்க சாஃப்ட்வேர்ல போட்டுப் பார்த்தாங்க. எண் ரூபாய் சுத்தமாப் பொருந்திச்சு. "இப்படிக் கணக்கோட யாரும் தர்றதில்லை டாக்டர். 'ரொம்பப் பிடிக்கறீங்க, பாருங்க'ன்னு ஒரு வரி மெயில்தான் வரும். நாங்க எதைன்னு பார்க்கறது?"ன்னாங்க.

நியாயமான கேள்வி. "உடம்பு சரியில்லை, பாருங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்கார்ற நோயாளிகிட்ட நாமும் அதைத்தான் நினைப்போம்.

15.
செப்டம்பர்ச் சம்பளச் சீட்டுல வரி 2,498ன்னு இருந்தது. கையில 15,377 ரூபாய் கூட வந்தது.

அதோட விட்டுடலை. சீட்டுல குறைஞ்சிருக்கறது ஒரு பக்கம்தான். இன்னும் ரெண்டு இடத்தைப் பார்க்கணும். ஒண்ணு, வருமான வரித் தளத்துல இருக்கற 26ஏஎஸ். ஜூலை முதல் செப்டம்பர் வரைக்குமான அறிக்கையை நிறுவனம் அக்டோபர் 31க்குள்ள தாக்கல் பண்ணின பிறகு, ஒவ்வொரு மாசமும் பிடிச்ச தொகை உங்க பான் எண்ல ஏறியிருக்கான்னு அங்க தெரியும். சீட்டுல இருக்கறதும் அதுல இருக்கறதும் ஒண்ணா இருக்கணும்.

இன்னொண்ணு, ஜூன் 15க்குள்ள வர்ற ஃபார்ம் 16. நீங்க அறிவிச்ச பிற வருமானம் அதுல ஒரு வரியா வரும். அங்க பழைய ஆறு லட்சம் அப்படியே நின்னா, ரிட்டர்ன்ல நீங்க போடற 60,000க்கும் அதுக்கும் ஒத்துப்போகாது. எனக்கு 60,000ன்னுதான் வந்தது. வரி 1,06,860.

16.
நிறைய பேர் கேக்கக்கூடிய சில கேள்விகளுக்குப் பதில்.

"நான் மார்ச்லதான் பார்த்தேன். இப்போ கடிதம் எழுதிப் பிரயோஜனம் உண்டா?" மார்ச் சம்பளக் கணக்கு இன்னும் மூடலைன்னா எழுதுங்க. அந்த மாசப் பிடித்தமாவது நிக்கும், ஃபார்ம் 16ம் சரியா வரும். நிதியாண்டு முடிஞ்சிட்டா நிறுவனத்தால எதையும் குறைக்க முடியாது. ஜூலை 31க்குள்ள ரிட்டர்ன் போட்டு, சரியான வட்டியைக் காட்டி ரீஃபண்ட் கேளுங்க. கெடுவுக்குள்ள போட்டா, கூடுதல் தொகை ஆண்டு வரியில 10 சதவீதமாவது இருந்தா, ஏப்ரல் 1லேர்ந்து மாசம் அரை சதவீதம் வட்டியும் சேரும். ஆனா அதுக்கு முந்தின வருஷம் முழுக்க அந்தப் பணம் உங்க கையில இல்லாம இருந்ததே, அதுக்கு எதுவும் கிடைக்காது.

17.
"என் சம்பளத்துக்கு வரியே வராது. ஆனா தப்பா அறிவிச்சதால பிடிச்சிட்டாங்க." எங்க வார்டு நர்ஸ் ஒருத்தர் கேட்டது இது. 2025-26ல புதிய முறையில, கழிவெல்லாம் போக 12 லட்சம் வரைக்கும் சம்பள வருமானம்னா தள்ளுபடிக்கு அப்புறம் வரி பூஜ்யம். பூஜ்யத்துல எதைக் கழிச்சு நேர் பண்றது? கடிதம் கொடுத்தா மேற்கொண்டு பிடிக்கறது நிக்கும். பிடிச்சது ரிட்டர்ன்லதான் திரும்பும். அதனால அவங்களை மாதிரி இருக்கறவங்க ஏப்ரல் மாசச் சீட்டையே பார்க்கறது நல்லது.

18.
"பழைய முறை, புதிய முறையை மாத்தி டிக் பண்ணிட்டேன்." இது வேற கதை. எந்த முறைன்னு ஊழியர்கிட்ட கேட்டுத்தான் பிடிக்கணும், பதில் வரலைன்னா புதிய முறைப்படி பிடிக்கணும்னு 2023 ஏப்ரல் 5 தேதியிட்ட சுற்றறிக்கையில வருமான வரி வாரியம் சொல்லியிருக்கு. நிறுவனத்துகிட்ட சொல்றது இறுதித் தேர்வு இல்லைன்னும் அதுலயே இருக்கு. வருஷ நடுவுல முறையை மாத்த பல நிறுவனங்கள் விடறதில்லை. கேட்டுப் பாருங்க. மறுத்தா சண்டை போட வேண்டாம். கெடுவுக்குள்ள போடற ரிட்டர்ன்ல உங்களுக்கு உகந்த முறையைத் தேர்ந்தெடுக்கலாம். சொந்த கிளினிக் வருமானம் இருக்கற டாக்டர்கள் மட்டும் கவனம். பழைய முறை வேணும்னா உங்களுக்குத் தனிப் படிவம் உண்டு, மாறிக்கிட்டே இருக்கவும் முடியாது. ஆடிட்டரைக் கேட்டுட்டுச் செய்யுங்க.

19.
"நான் கன்சல்டன்ட். எனக்கு 10 சதவீதம் பிடிக்கறாங்க. இந்தக் கடிதம் உதவுமா?" உதவாது. உங்களுக்கு வர்றது தொழில்முறைக் கட்டணம், சம்பளம் இல்லை. வருஷ மதிப்பீடு, மாசாமாசம் ஏத்தி இறக்கறது எல்லாம் சம்பளத்துக்குத்தான்.

இன்னொரு குறிப்பு. 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கு. பிரிவு எண்கள் மாறியிருக்கு. அதனால இந்த வருஷம் கடிதம் எழுதறவங்க 192(3)ன்னு எண்ணைக் காப்பி அடிக்காதீங்க. "இதே ஆண்டில் கூடுதலாகப் பிடித்ததை, அடுத்து வரும் பிடித்தங்களில் சரிசெய்யவும்"னு விஷயத்தை எழுதுங்க.

20.
எல்லாம் முடிஞ்சதும் ஆடிட்டர் அங்கிள் ஒண்ணு சொன்னார். அதைக் கேட்டு அழறதா சிரிக்கறதான்னு தெரியலை.

அந்தப் பிற வருமானக் கட்டத்தை நான் நிரப்பியிருக்கவே வேண்டாமாம். நிறுவனத்துகிட்ட பிற வருமானத்தைச் சொல்றது நம்ம விருப்பம், கட்டாயம் இல்லை. சொல்லலைன்னா என் சம்பளத்துக்கு மட்டும் 97,500 பிடிச்சிருப்பாங்க. 60,000 வட்டிக்கான வரி 9,360. பிடிச்சது போக பாக்கி வரி 10,000 ரூபாய்க்குக் கீழ இருந்தா முன்கூட்டி வரி கட்ட வேண்டியதில்லை. ஜூலைல ரிட்டர்ன் போடும்போது அந்த 9,360ஐக் கட்டியிருந்தா போதும், அபராத வட்டிகூட கிடையாது.

வட்டி அதிகமா இருக்கறவங்களுக்கு இது பொருந்தாது. அவங்க நிறுவனத்துகிட்ட சொல்லலாம், இல்லைன்னா தாங்களே தவணையில முன்வரி கட்டலாம். ஒரே பேங்க்ல வருஷ வட்டி 50,000 தாண்டினா (மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம்) பேங்க்கே 10 சதவீதம் பிடிச்சிடும். அறிவிக்கும்போது அந்தப் பிடித்தத்தையும் சேர்த்தே சொல்லணும். இல்லைன்னா அதே வட்டிக்கு ரெண்டு பக்கமும் பிடிப்பாங்க.

21.
தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி அம்மாவுக்கு மெஷின் வாங்கினோம். முதல் நாள் சமையல்கட்டுலேர்ந்து கூப்பிட்டாங்க. "டேய், இந்த ஃப்ரிட்ஜ் இவ்வளவு சத்தம் போடுதே, ரிப்பேரா?"

ரிப்பேர் இல்லைம்மா, அது எப்பவும் அப்படித்தான்னேன்.

தீபாவளி அன்னைக்குக் காலையில வெடிச் சத்தம் தாங்காம மெஷினைக் கழட்டி டப்பால வெச்சிட்டாங்க. சாயங்காலம் மறுபடி மாட்டிக்கிட்டு கேட்டாங்க, "ஏப்ரல்லேர்ந்து அடுத்த மாசம் அடுத்த மாசம்னியே, அப்படி என்னடா செலவு உனக்கு?"

சைபர் கதையைச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "மருந்துச் சீட்டாவது ஒழுங்கா எழுதறியா?"ன்னாங்க.

22.
இந்த மாசச் சம்பளச் சீட்டைத் திறந்து வரி எவ்வளவு பிடிச்சிருக்காங்கன்னு பாருங்க. அதை 12ஆல பெருக்கி, உங்க வருஷ வருமானத்துக்கு வர வேண்டிய வரியோட ஒப்பிடுங்க. பெரிசா வித்தியாசம் இருந்தா நீங்க கொடுத்த அறிவிப்பைத் திறந்து சைபர்களை எண்ணுங்க. தப்பு இருந்தா சம்பளக் கணக்கு மூடற தேதிக்கு முன்னாடி கடிதம் போயிடணும்.